9 நிமிடக் கதை, 70 நொடிப் படம்

"அக்கா, வணக்கம். திண்டுக்கல்லில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. 10 மாதமாக இரவில் பிளெண்டர் அனிமேஷன் மென்பொருள் படிக்கிறேன். 9 நிமிடத்தில் ஒரு குறும்படம் செய்ய ஆசை, ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன். குடை ரிப்பேர் செய்யும் தாத்தா, ஒரு பையன், ஒரு நாய், மழை, ஊர்த் திருவிழா. தாத்தாவை மாடல் செய்ய 4 மாதம் ஆனது, இப்போது அவர் வீட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த பொங்கலுக்குள், அதாவது இன்னும் 10 மாதத்தில் முடிக்க வேண்டும். எனக்கு வழிகாட்ட முடியுமா? எதில் தொடங்குவது? பிளெண்டரே போதுமா, மாயா கற்க வேண்டுமா?"

தம்பி, வழிகாட்டுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை 40 நிமிடம் உங்களுக்காக ஒதுக்க என்னால் முடியும், பணம் எதுவும் வேண்டாம். பிளெண்டரே போதும். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்த படம்தான், அதனால் மாயாவைப் பற்றிய யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். தாத்தாவின் வீட்டைச் செய்வதையும் இன்றிரவே நிறுத்துங்கள். அந்த வீடு படத்தில் வராமலே போகலாம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்களிடம் இருக்கும் நேரத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். வேலை முடிந்து வந்து இரவில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதல் என்று வைத்தாலும் வாரத்துக்கு 14 மணி நேரம். பெரிய திரைப்பட ஸ்டுடியோக்களில் முழுநேரமும் அதே வேலையாக உட்காரும் அனிமேட்டருக்கே வாரத்துக்கு நாலைந்து நொடி முடிந்தால் அது நல்ல வாரம். உங்களுக்கு வாரத்துக்கு 2 நொடி என்று தாராளமாகவே வைக்கிறேன். 9 நிமிடம் என்றால் 540 நொடி. அதற்கு 270 வாரம், ஐந்து வருஷத்துக்கு மேல். இது கதாபாத்திரங்கள் அசைவதற்கு மட்டும் ஆகும் நேரம். திருவிழாக் கூட்டமும் நாயும் இதில் சேரவில்லை.

என் முதல் குறும்படம் இப்படித்தான் முடியாமலே போனது. 6 நிமிடக் கதை, 52 ஷாட். முதல் ஷாட்டிலிருந்து வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் கண் இமை வரை மெருகேற்றி, கணினியில் இறுதிப் படமாக ரெண்டர் செய்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொட்டேன். 11 ஷாட் ஆனதும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். கதை இன்னும் தொடங்கவே இல்லை, படமோ அதற்குள் சலித்துவிட்டது. நாலு ஷாட்டை வெட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வார உழைப்பு இருந்ததால் கை வரவில்லை. அந்த இடத்திலேயே படம் நின்றுபோனது. பென்சில் கோடாக இருந்தபோதே யாரிடமாவது காட்டியிருந்தால் ஒரே மாலையில் நாலையும் எடுத்துப் போட்டிருப்பேன். உங்களிடம் நான் கேட்கப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்: மாற்றுவதற்குச் செலவில்லாத நிலையிலேயே, பார்க்க நன்றாக இல்லாதபோதே, எனக்குக் காட்டிவிடுங்கள். முடித்த ஷாட்டை அனுப்பினால் என்னால் பாராட்ட முடியும், உதவ முடியாது.

சரி, உங்கள் ஸ்கிரிப்டுக்கு வருவோம். இரண்டு முறை படித்தேன். படம் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே தாத்தா பையனின் குடையைத் தைத்துக் கொடுக்கிறார். பையன் போகிறான். தாத்தா தன் குடையை விரிக்கிறார். அதில் ஓட்டை, சொட்டு அவர் நெற்றியில் விழுகிறது. பையன் திரும்பி வந்து தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடிக்கிறான். அவ்வளவுதான் கதை. முதல் ஆறு பக்கமும் தாத்தா நல்லவர் என்று எங்களுக்குச் சொல்வதற்காக எழுதியவை. அந்தக் கடைசிப் பக்கமே அதைச் சொல்லிவிடுகிறது. திருவிழாவும் நாயும் வேண்டாம், வீட்டின் உள்பக்கமும் வேண்டாம். நான் எண்ணிப் பார்த்ததில் 14 ஷாட், சுமார் 70 நொடி வருகிறது. அதில் நாலு ஷாட்டில் ஆளே இல்லை: கூரை விளிம்பிலிருந்து ஒழுகும் நீர், ஆணியில் தொங்கும் குடைகள், இப்படி. அந்த நாலும் 16 நொடி. மீதி 54 நொடிதான் நீங்கள் ஆட்களை அசைக்க வேண்டியது.

70 நொடி என்றதும் மனசு வாடியிருக்கும். 1986இல் பிக்சாரில் ஜான் லாசெட்டர் செய்த 'லக்ஸோ ஜூனியர்' இரண்டு நிமிடம்தான். இரண்டு மேசை விளக்கு, இரண்டு பந்து. தரையைத் தாண்டினால் வெறும் இருட்டு, கேமரா கடைசி வரை அசைவதே இல்லை. கணினிக்கு அன்று இருந்த வலு அவ்வளவுதான், நேரமும் குறைவு. எதையெல்லாம் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு, மிச்சமிருந்த நேரம் முழுவதையும் அந்தக் குட்டி விளக்கின் அசைவில் போட்டிருக்கிறார்கள். அப்படியான முடிவுகளை நீங்களும் இப்போதே எடுங்கள்.

உங்கள் கதையில் அது அழகாகவே அமைகிறது. குடை தைக்கிறவர் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் வேலை செய்வார். மடியில் ஒரு சாக்கை விரித்துவிட்டால் 70 நொடியும் அவர் காலை நீங்கள் தொட வேண்டியதில்லை. நடை என்பது முதல் படத்தில் ஆளை விழுங்கும் வேலை. இடுப்பு ஏறி இறங்க வேண்டும், பாதம் தரையில் வழுக்கக் கூடாது, எடை தெரிய வேண்டும், ஒன்று தப்பினாலும் யார் கண்ணுக்கும் பட்டுவிடும். தாத்தா உட்கார்ந்திருப்பதால் அவருக்கு நடை இல்லை. பையன் இரண்டு முறை வருகிறான், ஒரு முறை போகிறான். மூன்றையும் இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும்படி ஃபிரேம் வையுங்கள். தோளும் தலையும் ஏறி இறங்கினால் நடக்கிறான் என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார். கடைசியில் தாத்தா எழுந்து போவதாக எழுதியிருக்கிறீர்கள். எழவே வேண்டாம். கூரை விளிம்பில் ஒழுகும் சொட்டுக்குக் குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு மழை விடக் காத்திருக்கட்டும். எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது.

வசனம் இல்லாதது பெரிய நிம்மதி. தாத்தாவின் முகத்தை அசைக்கும் ரிக்கில் கண், இமை, புருவம், உதட்டோரம் மட்டும் இருந்தால் போதும். மழையை உருவகப்படுத்திக் கணக்கிட உட்கார வேண்டாம். ஆட்கள் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள், பின்னால் சாய்ந்த கோடுகளாக ஒரு படலம், கூரை விளிம்பில் சொட்டு, அதோடு தகரத்தில் மழை விழும் சத்தம். முக்கால்வாசி மழையைச் சத்தமே கொண்டுவந்துவிடும்.

முதல் வேலை அனிமேட்டிக். அதாவது படம் முழுவதையும் கோட்டோவியமாக வரைந்து, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்கும் என்று சத்தத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. 14 ஷாட்டுக்கு ஏறக்குறைய 30 படம் வரும். தாளில் பேனாவால் வரைந்து மொபைலில் படம் எடுத்தால் போதும். பிளெண்டரின் Video Sequencer-ல் வரிசையாக அடுக்குங்கள், நொடிக்கு 24 ஃபிரேம் என்று தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். நன்றாக வரைய வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். தாத்தா ஒரு முட்டை, பையன் ஒரு குச்சி என்று இருந்தாலும் சரி. யார் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், என்ன செய்கிறார் என்பது மட்டும் தெரிய வேண்டும்.

இதில் ஆரம்பத்தில் எல்லாருக்கும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. அசையாத படத்தை ஒரு பார்வையிலேயே கண் பார்த்து முடித்துவிடும். அதனால் 4 நொடி நிற்கும் ஓவியம் இழுவையாகத் தெரிந்து, நீங்கள் அதை 2 நொடியாக வெட்டுவீர்கள். பிறகு அதே ஷாட்டில் ஆளை அசைக்கும்போது குடை விரிவதற்கே இடம் இருக்காது. அதனால் வெட்டுவதற்கு முன் எழுந்து நின்று ஒரு நிஜக் குடையோடு நடித்துப் பாருங்கள், மொபைலில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். நடிக்க ஆகும் நேரமே ஷாட்டின் நேரம். அதிலிருந்து அரை நொடி குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அனிமேட்டிக் ஆனதும் கதை தெரியாத இரண்டு பேரிடம் காட்டுங்கள். அம்மாவும் கடையில் பக்கத்தில் உட்காருகிறவரும் போதும். ஓடும்போது வாயைத் திறக்காதீர்கள். முடிந்ததும் "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், அதில் உங்களுக்குப் பயனில்லை. அவர்கள் கதையைத் திருப்பிச் சொல்லும்போது எங்கே தடுக்குகிறதோ அங்கே படம் உடைந்திருக்கிறது.

உங்கள் கதையில் அது எங்கே உடையும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. "பெரியவர் ஏன் நனைகிறார்?" என்று கேட்பார்கள். ஓட்டை அவர்களுக்குத் தெரிந்திருக்காது. உடனே ஓட்டைக்கு ஒரு குளோசப் சேர்க்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாரும் தாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், துணியை அல்ல. ஓட்டையை முன்னாலேயே வைத்துவிடுங்கள். மூன்றாவது ஷாட்டில் ஆணியில் தொங்கும் குடைகளைக் காட்டுகிறீர்கள் அல்லவா, அதில் ஓரமாக ஒரு பழைய குடை பாதி விரிந்து கிடக்கட்டும், அதன் கறுப்புத் துணியில் பட்டாணி அளவு வெளிச்சம் தெரியட்டும். அதையே எடுத்து அவர் கடைசியில் விரிக்கும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இதைக் காகிதத்தில் சரிசெய்ய பத்து நிமிடம் ஆகும். ரெண்டர் ஆன பிறகு என்றால் இரண்டு ஷாட் வீணாகும்.

அனிமேட்டிக்கை நான் பார்த்து, இரண்டு மூன்று தடவை மாற்றி, நிற்கிறது என்று இருவருக்கும் தோன்றிய பிறகு, எல்லா ஷாட்டையும் தொடங்க வேண்டாம். ஒன்றே ஒன்றை எடுத்து ரெண்டர் வரை கொண்டுபோய் முடியுங்கள். மிக எளிதானதும் வேண்டாம், மிகக் கடினமானதும் வேண்டாம். நான் ஒன்பதாவது ஷாட்டைச் சொல்வேன். பையனின் குடையைத் தைத்து முடித்த தாத்தா அதை விரித்து, உள்ளிருந்து அண்ணாந்து துணியில் எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, தலையாட்டுகிறார். 4 நொடி, 96 ஃபிரேம், கேமரா அசைவில்லை, மார்புக்கு மேல். கை, முகம், குடை மூன்றும் இதில் இருக்கின்றன. இது வந்துவிட்டால் படத்தில் வேறெதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

குடைக்குத் துணி சிமுலேஷன் போடாதீர்கள். நேரத்தை இரண்டு ஃபிரேம் நகர்த்தினாலும் அதை முதலிலிருந்து கணக்கிட வேண்டும், ஒவ்வொரு முறையும் துணி வேறு மாதிரி விழும். எட்டுக் கம்பிக்கு எட்டு எலும்பு, தண்டில் ஏறும் வளையத்துக்கு ஒரு கன்ட்ரோல்; வளையம் ஏறினால் கம்பிகள் விரிய வேண்டும். கம்பிகளுக்கு நடுவே துணி தொய்வதற்கும் இறுகுவதற்கும் ஒரு ஷேப் கீ. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை இது. எல்லாக் குடைக்கும் இதே ரிக்தான், நிறம் மட்டும் மாறும்.

அப்புறம் பழைய நீளக் குடை ஒன்றை எடுத்து நீங்களே விரித்து மொபைலில் படம் பிடியுங்கள். மொபைல் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், நம் படம் 24. வீடியோவில் 15 ஃபிரேம் எண்ணினால் படத்தில் அது 12. இதை மறந்து எண்ணினால் அசைவெல்லாம் கொஞ்சம் மந்தமாகிவிடும், காரணமும் பிடிபடாது.

இப்போது ஷாட்டுக்குள் போவோம். 1 முதல் 16 வரை விரல் வளையத்தைப் பிடித்திருக்கிறது, கண் வளையத்தின் மேல். 17 முதல் 24 வரை கை சற்றுக் கீழே இறங்குகிறது, தோளும் கூடவே தாழ்கிறது. மேலே தள்ளப்போகிறார் என்று பார்ப்பவருக்கு இந்த எட்டு ஃபிரேம்தான் சொல்கிறது. இதை விட்டுவிட்டால் குடை தானாக வெடித்தது போல இருக்கும். 25இல் தொடங்கி 34க்குள் வளையம் மேலே போய்க் கொக்கியில் மாட்டுகிறது. இந்தப் பத்து ஃபிரேமும் ஒரே சீராகப் போகக் கூடாது. முதல் மூன்றில் வளையம் நிறைய ஏறுகிறது, துணி தளர்ந்து அசைகிறதே தவிர விரியவில்லை. நடுவில் கம்பிகள் விரிகின்றன. கடைசி மூன்றில்தான் துணி சட்டென்று இறுகுகிறது. 36இல் கம்பி நுனிகள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய், 44க்குள் திரும்பி அடங்குகின்றன. அந்த அதிர்வில் தாத்தாவின் முகவாய் லேசாகப் பின்னால் போக வேண்டும், ஆனால் குடையோடு சேர்ந்து அல்ல, இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி. 48இல் கண் மேலே போகிறது, 51இல் தலை அதைத் தொடர்கிறது. கண் முன்னால், தலை பின்னால். ஒன்றாகப் போனால் பொம்மை. 54 முதல் 84 வரை துணியைப் பார்க்கிறார். நடுவில் ஒரு இமைப்பு: மூட 2 ஃபிரேம், மூடியிருக்க 1, திறக்க 3. கடைசியில் தலையாட்டல், ஒரே ஒரு தடவை.

எனக்கு இதை முழுதாகச் செய்து அனுப்ப வேண்டாம். 1, 24, 34, 54, 88 என்ற ஐந்து ஃபிரேமில் ஐந்து போஸ் மட்டும் வைத்து அனுப்புங்கள். கீகளைத் தேர்ந்து `T` அழுத்தி `Constant` வைத்தால் ஒரு போஸிலிருந்து அடுத்ததற்குத் தாவும், நடுவில் பிளெண்டர் எதையும் தானாக நிரப்பாது. இதைத்தான் பிளாக்கிங் என்கிறோம். இதைப் பார்த்து நான் முதலில் கேட்பது, 24இல் இருக்கும் உடல் 1இல் இருந்ததிலிருந்து வேறாகத் தெரிகிறதா என்று. ஆளைக் கறுப்பு நிழலாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒன்று போல இருந்தால், கை மட்டும் இறங்கியிருக்கிறது, உடல் வேலை செய்யவில்லை. ஐந்து போஸும் சரியான பிறகு நடுவில் 29, 37 என்று சேர்ப்போம், பிறகு மூன்று நான்கு ஃபிரேமுக்கு ஒரு போஸ் இருக்கும் வரை. அதன் பின்தான் ஸ்ப்லைன், அதாவது போஸ்களுக்கு நடுவே உள்ள அசைவைப் பிளெண்டரே நிரப்புவது.

அவசரப்பட்டு ஐந்து போஸிலேயே ஸ்ப்லைனுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்றால், ஆள் தண்ணீருக்குள் அசைவது போல மிதப்பார். ஒவ்வொரு கீயிலும் எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் மெதுவாகி, ஒரே நேரத்தில் கிளம்பும். புதிதாகச் செய்கிறவர்களின் ஷாட்டில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். `Graph Editor`-ல் திறந்தால் எல்லாக் கோடும் ஒரே ஃபிரேமில் வளைந்திருப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அங்கே போய்க் கோட்டை இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் நாட்கள் ஓடிவிடும். பிளாக்கிங்குக்குத் திரும்பிப் போய் நடுப்போஸ்களை வைப்பதுதான் சீக்கிரம் முடிகிற வழி.

இந்த ஒரு ஷாட்டை ரெண்டரும் செய்து பார்க்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மீதிப் படம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இது சொல்லிவிடும். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் உங்கள் கணினி ஒரு ஃபிரேமுக்கு 6 நிமிடம் எடுத்தால் 96 ஃபிரேமுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல், ஒரு முழு இரவு. 70 நொடிப் படத்துக்கு 1,680 ஃபிரேம். இரவு பகலாக ஓடினாலும் ஒரு வாரம், இரவில் மட்டும் என்றால் 17, 18 இரவு. மின்சாரம் போனது, ஒரு சட்டையின் நிறம் தப்பானது என்று இரண்டாம் முறையும் ஓட்ட வேண்டி வரும். அதனால் பிளெண்டரிலேயே இருக்கும், அதைவிட வேகமான ஈவீயில் செய்யலாம் என்பது என் எண்ணம், 'ஃப்ளோ'வும் ஈவீயில் ரெண்டர் ஆனதுதான். எதில் செய்தாலும் நேரடியாக வீடியோவாக எடுக்காதீர்கள், PNG படங்களாக எடுங்கள். பாதியில் நின்றாலும் நின்ற ஃபிரேமிலிருந்து தொடரலாம். வீடியோவாக எடுத்தால் இரவு முழுதும் ஓடியது வீணாகலாம்.

கால அளவை இப்படி வைத்திருக்கிறேன். அனிமேட்டிக்குக்கு 4 வாரம், தாத்தாவுக்கும் பையனுக்கும் ரிக் செய்ய 4, ஒன்பதாவது ஷாட்டுக்கு 3, மீதி 50 நொடி அனிமேஷனுக்கு 25, ரெண்டருக்கும் சத்தத்துக்கும் 3. மொத்தம் 39 வாரம். உங்களிடம் இருப்பது 43. காய்ச்சலுக்கும் கல்யாண வீட்டுக்கும் கடையில் கணக்கு முடிக்கும் மாதத்துக்கும் 4 வாரம் மிச்சம். ரிக்கில் தேங்கினால் பையனுக்காகப் புதிதாகச் செய்யாமல், பிளெண்டர் ஸ்டுடியோ இலவசமாகத் தந்திருக்கும் ரிக்குகளில் ஒன்றை எடுத்து உடையை மாற்றிக்கொள்ளலாம். அவற்றைச் செய்தவர்களின் பெயரை மட்டும் டைட்டிலில் போட்டுவிடுங்கள். நாலு மாதம் செலவழித்த தாத்தா உங்கள் தாத்தாவாகவே இருக்கட்டும்.

நாம் வேலை செய்யும் விதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைக்கு முந்தைய வியாழன் இரவுக்குள் எனக்கு ஒரே ஒரு வீடியோ வர வேண்டும். பிளெண்டர் கோப்பு வேண்டாம். நான் அதைத் திறந்தால் கை சும்மா இருக்காது, நானே சரிசெய்துவிடுவேன், உங்களுக்கு எதுவும் மிஞ்சாது. `Output Properties`-ல் `Metadata` என்ற பகுதியில் `Burn Into Image`-ஐ இயக்கி, ஃபிரேம் எண் திரையில் தெரியும்படி செய்யுங்கள். "அந்தக் கை மேலே போகும்போது" என்று பேசுவதைவிட "29இல்" என்று பேசினால் 40 நிமிடத்தில் நிறைய ஆகும். பெயர் `sh090_block_v02.mp4` என்ற மாதிரி இருக்கட்டும். `final`, `final2` என்று எதற்கும் பெயர் வைக்காதீர்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள், இந்த வீடியோவில் உங்களுக்கு உறுத்துவது எது என்று.

நான் ஒரு தடவைக்கு மூன்று குறிப்புக்கு மேல் சொல்ல மாட்டேன். கதை புரிகிறதா என்பது முதலில், அப்புறம் போஸ், அப்புறம் நேரம். கதை புரியாத ஷாட்டில் விரல் நுனி வளைவைப் பற்றிப் பேசுவது இருவர் நேரத்தையும் வீணாக்கும். என் குறிப்பு தப்பு என்று தோன்றினால் காரணத்தோடு மறுத்து எழுதுங்கள். இது உங்கள் படம், இயக்கம் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டுமே வர வேண்டும். எனக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறேன். ஒரு ஷாட்டின் பிளாக்கிங் சரி என்று நான் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு தாத்தா வேறு மாதிரி நடிக்கட்டும் என்று கேட்க மாட்டேன். பிளாக்கிங்கில் கண்ணில் படாததற்குப் பொறுப்பு என்னுடையது. பின்னால் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அடுத்த ஷாட்டில் சேர்த்துக்கொள்வோம்.

ஏதாவது ஒரு பதினைந்து நாளில் காட்ட எதுவும் இல்லை என்றால் அதையும் வியாழன் அன்றே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சனிக்கிழமை பேசலாம், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம். பாதியில் மௌனமாகிவிடும் தம்பி தங்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை வரவில்லை என்பதைவிட, வரவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே அவர்கள் போய்விடுகிறார்கள்.

இந்த மாதத்துக்கு இவ்வளவு போதும்: 30 படம், 14 ஷாட், 70 நொடி. அனிமேட்டிக்குக்கு மழைச் சத்தம் வேண்டுமே, இந்தப் பங்குனி வெயிலில் மழைக்கு எங்கே போவீர்கள்? வீட்டில் வடை சுடும்போது மொபைலைச் சட்டிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்து, எண்ணெயில் பொரியும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். கண்ணை மூடிக் கேட்டால் தகரத்தில் விழும் மழைதான். கூரை விளிம்பில் விழும் பெரிய சொட்டுக்கு ஒரு தகர மூடியில் அரிசியை ஒவ்வொன்றாகப் போடுங்கள். இரண்டையும் சேர்த்து அடுத்த வியாழன் இரவு `animatic_v01.mp4` என்று அனுப்புங்கள்.